பாம்புக்கும் பசிக்கும்தானே?

கேள்வி: போன வாரம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பிளானட் எர்த் 2 பார்த்தோம். குட்டி இகுவானா பாம்புகளிடமிருந்து தப்பித்ததும் எல்லாரும் கைதட்டினோம். ஆறு வயது மகள் மட்டும் "பாம்புக்கும் பசிக்கும்தானே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த மாதிரிப் படங்கள் நம்மை ஒரு பக்கமாகச் சாய்க்கின்றனவா? எப்படிச் செய்கிறார்கள்?

பதில்:

சாய்க்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஒரு பொய்கூடச் சொல்லாமல். சொல்கிற ஒவ்வொரு தகவலும் சரியாக இருக்கும். ஆனால் யாருடைய கதையாக அதைச் சொல்வது என்று எடிட்டிங் மேசையில் முன்பே முடிவாகியிருக்கும். நான் சில வருடங்கள் காட்டுயிர் ஆவணப்படங்களுக்குத் தமிழ் டப்பிங் ஸ்கிரிப்ட் எழுதிப் பிழைத்தவன். அந்தப் பழக்கத்தில் நீங்கள் பார்த்த காட்சியையே பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில், நடந்தது என்ன? இடம் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் பெர்னாண்டினா என்ற எரிமலைத் தீவு. கடல் இகுவானாக்கள் (நம் ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம்) மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். மூன்று நான்கு மாதம் கழித்துக் குஞ்சுகள் தாமாகவே மேலே வரும். பெரிய இகுவானாக்கள் இருப்பதோ கடலோரப் பாறைகளில். நடுவில் கொஞ்ச தூரம் திறந்த மணல்வெளி. அந்தச் சமயம் பார்த்துப் பாறை இடுக்குகளில் ரேசர் வகைப் பாம்புகள் கூடியிருக்கும். குஞ்சுகள் ஓடும். சில பிடிபடும், சில தப்பும். அவ்வளவுதான் நடப்பது. 2016 நவம்பரில் ஒளிபரப்பான இந்தக் காட்சி அடுத்த வருடம் பாஃப்டா விருதுகளில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 'தவறவிடக் கூடாத தருணம்' பிரிவில் ஜெயித்தது. உங்கள் வீட்டில் கேட்ட கைதட்டல் உலகம் முழுக்கக் கேட்ட கைதட்டல்தான்.

இதே நிகழ்ச்சியைப் பாம்பின் பக்கமிருந்து பாருங்கள். அந்தத் தீவில் அதற்கு மற்ற நாட்களில் கிடைப்பது லாவா பல்லிகள், பூச்சிகள் போன்றவை. பெர்னாண்டினாவில் இந்தப் பாம்புகள் அலை வற்றிய குட்டைகளில் தலையை விட்டுச் சின்ன மீன்களைப் பிடிப்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தரையில் வாழ்கிற, வெயிலில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டால்தான் சுறுசுறுப்பாக இயங்க முடிகிற ஒரு பாம்பு, குளிர்ந்த கடல்நீரில் தலையை விடுகிறது என்றால் சும்மா இல்லை. குஞ்சுகள் பொரியும் சில வாரங்கள்தான் அதற்கு அறுவடைக் காலம். வருடத்திலேயே நல்ல சாப்பாட்டு வாய்ப்பு இதுதான் என்று படத்தின் வர்ணனையிலேயே வருகிறது. ஆக, தகவலை மறைக்கவில்லை. சொல்லிவிட்டார்கள். உங்கள் மகள் அதைக் காதில் வாங்கினாள், பெரியவர்கள் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதுதான் விஷயம்.

முதல் காரணம் கேமரா நிற்கிற இடம். காட்சி தொடங்கும்போது குஞ்சின் தலை மணலிலிருந்து வெளியே வருகிறது. கேமராவும் ஏறக்குறைய அதே உயரத்தில் தரையோடு தரையாக இருக்கிறது. அதன் கண்ணை நாம் நெருக்கத்தில் பார்க்கிறோம். கண்ணை முதலில் பார்த்த பிராணியோடுதான் மனசு போய் ஒட்டிக்கொள்ளும். பாம்புகள் பிறகு வருகின்றன, அதுவும் பல சேர்ந்து, பாறையே உருகி வழிகிற மாதிரி. ஒன்று தனியாக, மற்றவை கூட்டமாக. எந்தத் தனிப் பாம்பும் நமக்கு அறிமுகமாவதில்லை.

இரண்டாவது எடிட்டிங். அந்தத் துரத்தலை ஒரே குஞ்சின் ஒரே ஓட்டமாகத்தான் நம் மூளை எடுத்துக்கொள்கிறது. அந்த அத்தியாயத்தின் தயாரிப்பாளர் எலிசபெத் வைட் 2017-ல் வெளிப்படையாகவே சொன்னார்: இரண்டு கேமராக்களில் எடுத்தது, எல்லா ஷாட்டிலும் இருப்பது ஒரே இகுவானா இல்லை, கதை தெளிவாக வரத் தேவையான இடத்தில் வேறு துண்டுகளைச் சேர்த்தோம் என்று. இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அப்படி நடப்பது உண்மை. ஓடுகிற சின்னப் பிராணியை எல்லாக் கோணத்திலும் ஒரே தடவையில் எடுக்க எவராலும் முடியாது. ஆனால் விளைவைக் கவனியுங்கள். பல குஞ்சுகளின் ஓட்டங்கள் சேர்ந்து ஒரு நாயகன் பிறக்கிறான். எங்கோ பிடிபட்ட குஞ்சும் எங்கோ தப்பிய குஞ்சும் ஒரே கதையின் முன்பகுதியும் பின்பகுதியுமாகிவிடுகின்றன. புள்ளிவிவரமாக இருந்திருக்க வேண்டியது ஒரு ஆளின் தலைவிதி ஆகிறது.

மூன்றாவது சத்தம். இது டப்பிங்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்குப் படம் வரும்போது ஆங்கில வர்ணனை தனியாக வரும். இசையும் மற்றச் சத்தங்களும் 'எம் அண்ட் ஈ' என்ற வேறு ட்ராக்கில் வரும். அதன் மேல் தமிழ்க் குரலை ஏற்றுவோம். தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்த பிராணியின் காலடிச் சத்தம் மைக்கில் விழவே விழாது. அதனால் அந்தச் சரசரப்பு, நறநறப்பு எல்லாம் பெரும்பாலும் ஸ்டூடியோவில் ஒரு ஆள் உட்கார்ந்து செய்வது. கஸ்டர்ட் பவுடரைப் பையில் கட்டி அழுத்தினால் பனியில் நடக்கிற சத்தம் வரும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் ஒரு செந்நாய்ப் படத்துக்கு எழுதும்போது, வர்ணனையே இல்லாமல் அந்த ட்ராக்கை மட்டும் ஹெட்போனில் ஓடவிட்டேன். மான் வரும் இடத்தில் வயலின். செந்நாய் வரும் இடத்தில் அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு பறையொலி. படத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், யார் நல்லவர் யார் கெட்டவர் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மேலே நான் எத்தனை நியாயமான தமிழ் எழுதினாலும் அந்தப் பறையை என்னால் நிறுத்த முடியாது.

நான்காவதுதான் வார்த்தை. பலர் இதைத்தான் முதல் காரணமாக நினைப்பார்கள். ஆனால் வர்ணனை பெரும்பாலும் படம் வெட்டி முடித்த பிறகு, கடைசியில் வந்து சேர்வது. இந்தப் படத்தின் வர்ணனையாளர் டேவிட் அட்டன்பரோ அந்த மணலில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லவில்லை. வெட்டி முடித்த காட்சிக்கு ஸ்டூடியோவில் குரல் கொடுத்தார். அவர் வர்ணனை நிதானமானதுதான். குஞ்சை 'அவன்' என்று சொல்ல மாட்டார், 'அது' என்றுதான் சொல்வார். அப்படியும் ஒரு இடத்தைப் பாருங்கள். பாம்பு பக்கத்தில் ஊர்ந்து வர, குஞ்சு அசையாமல் நிற்கிறது. பாம்புக்குப் பார்வை அவ்வளவு கூர்மையில்லை, அசைவைத்தான் கவனிக்கும், ஆகவே குஞ்சு மனம் தளராமல் நின்றால் தப்பலாம் என்கிற பொருளில் ஒரு வர்ணனை வருகிறது. பாம்பின் பார்வை பற்றியது தகவல். 'மனம் தளராமல்' என்பது தகவல் இல்லை. பிறந்த குஞ்சு உறைந்து நிற்பது பிறவியிலேயே உடம்பில் இருக்கிற அனிச்சைச் செயல். அந்த ஒரு சொல்லில் அனிச்சைச் செயல் வீரமாகிவிட்டது. வீரனுக்கு எதிரே நிற்பவன் யார்? அதை வர்ணனையாளர் சொல்ல வேண்டியதில்லை, நாமே போட்டுக்கொள்வோம்.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். அதே ஷாட்டுகள், அதே வரிசை, பாம்பின் பக்கமிருந்து நானே வர்ணனை எழுதினேன்:

"இவளுக்கு இந்த வருடம் கிடைத்தது ஒரு சில பல்லிகள்தான். பாறை இடுக்கில் மாதக்கணக்கில் அரை வயிறு. இந்தச் சில வாரங்கள் தவறினால் மிச்ச வருடம் கஷ்டம். அதோ, மணல் அசைகிறது. இவள் பாய்கிறாள். ஆனால் சமதரையில் அது இவளைவிட வேகம். ஒரு நொடி, பிடித்தேவிட்டாள். நழுவுகிறது. பாறை மேல் ஏறிப் போய்விட்டது. இன்றைக்கும் வெறும் வயிறு."

வீட்டில் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, காட்சி ஓட ஓட இதை வாய்விட்டு வாசித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி "ஐயோ பாவம்" என்றார். பாம்பைப் பார்த்து! முதல் வரைவில் 'கைநழுவிப் போனது' என்று எழுதி, பாம்புக்குக் கை ஏது என்று அடித்துவிட்டு 'நழுவுகிறது' என்று மாற்றினேன் என்பது வேறு கதை.

என் வர்ணனையிலும் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது, கவனித்தீர்களா? 'அரை வயிறு'. பாம்பு ஒரு இரையை விழுங்கிவிட்டு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அதன் உடம்பு அப்படி அமைந்தது. மத்தியானச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் நமக்கு வருமே, அந்த மாதிரி ஒன்று பாம்புக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. உங்கள் மகளிடம் "பாம்புக்கும் சாப்பாடு வேண்டும், இந்தக் குஞ்சுகள்தான் அதன் பெரிய சாப்பாடு" என்று சொல்லலாம், அது உறுதி. அதைத் தாண்டிப் 'பாவம், பசியில் துடிக்குது' என்று போனால், பாம்பையும் நாம் கதாபாத்திரம் ஆக்கிவிட்டோம் என்று அர்த்தம். பக்கம் மாறியிருக்கும், பழக்கம் மாறியிருக்காது.

இந்த இடத்தில் தமிழ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் பிராணியை 'அவன், அவள்' என்று சொன்னால் மாறுவது அந்த ஒரு சொல்தான். தமிழில் அது வினைமுற்று வரைக்கும் போகும். 'அது வந்தது' என்பதை 'அவன் வந்தான்' ஆக்கினால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு மனிதன் முளைத்துவிடுவான். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு என்றாலும், மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்ற ஐந்து காரணங்களால் அப்படிச் சொன்னால் ஏற்கலாம் என்று நன்னூல் விதி இருக்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொன்னால் அது அன்பினால் வந்த வழுவமைதி. அந்தப் பட்டியலில் அன்பு பாராட்டுகிற காரணங்களோடு கோபமும் இழிவும் சேர்ந்தே இருப்பதைப் பாருங்கள். திணை மாற்றினாலே அனுதாபம் வந்துவிடாது. 'வந்துட்டான்யா வில்லன்' என்பதும் திணை மாற்றம்தான்.

டப்பிங்கில் இது தினசரிச் சண்டை. நான் 'அது' என்று எழுதி அனுப்புவேன். "ஆடியன்ஸுக்கு ஒட்டாது சார், அவன்னு போடுங்க" என்று திரும்பி வரும். சரி என்று போட்டால், சிங்கக்குட்டிக்கு மட்டும் 'அவன்' போடுவார்கள். அதைத் துரத்துகிற கழுதைப்புலிக்கு 'அது'தான். அந்தச் செந்நாய்ப் படத்தில் நான் 'செந்நாய்க் குடும்பம்' என்று எழுதியது 'செந்நாய்க் கும்பல்' என்று மாறி ஒளிபரப்பானது. மூலத்தில் இருந்த சொல்லுக்கு 'கூட்டம்' என்று போட்டிருந்தால் நடுநிலை. குடும்பம் என்று நான் ஒரு பக்கம் இழுத்தேன், கும்பல் என்று அவர்கள் மறுபக்கம் இழுத்தார்கள். நானும் யோக்கியன் இல்லை. இன்னும் பாருங்கள்: சிறுத்தை 'பதுங்குகிறது', கொக்கு 'காத்திருக்கிறது'. இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். ஓடுமீன் ஓட உறுமீன் வரும் வரைக்கும் வாடியிருக்கும் கொக்கைப் பொறுமைக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த உறுமீனைப் பற்றி யார் கவலைப்பட்டோம்?

ஒரே காட்சிகளை வைத்துக்கொண்டு கதையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு என்னைப் போல டிவி முன்னால் உட்கார்ந்து சோதனை செய்ய வேண்டியதே இல்லை. உலக அளவில் அது நடந்திருக்கிறது. 2005-ல் லுக் ழாக்கே என்ற பிரெஞ்சு இயக்குநர் அண்டார்டிகாவில் எம்பரர் பென்குவின்களை எடுத்த படம் வந்தது. பிரெஞ்சு மூலத்தில் பென்குவின்களே பேசும். அப்பா, அம்மா, குஞ்சு என்று நடிகர்கள் குரல் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் வெளியிட்டபோது அந்தக் குரல்களை எடுத்துவிட்டு, இசையையும் மாற்றி, மார்கன் ஃப்ரீமனை வைத்து வெளியிலிருந்து ஒருவர் கதை சொல்வது போல ஆக்கினார்கள். பேசும் பென்குவின் போய்விட்டதால் இது அறிவியல் மாதிரித் தோன்றியது. அங்கேதான் வினை. அந்தப் படத்தைச் சில அமெரிக்கப் பழமைவாதிகள் குடும்ப வாழ்க்கைக்கும் ஒருத்திக்கு ஒருவன் என்ற நெறிக்கும் சாட்சியாகத் தூக்கிப் பிடித்தார்கள். மைக்கேல் மெட்வெட் என்ற விமர்சகர் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

உண்மை நிலவரம் வேறு. எம்பரர் பென்குவின் ஜோடிகளில் ஏறக்குறைய 85 சதவீதம் அடுத்த வருடம் அதே துணையோடு சேர்வதில்லை. காரணம் ஒழுக்கக் குறைவு இல்லை, முகவரி இல்லாததுதான். மற்றப் பென்குவின் வகைகள் பலவற்றுக்குக் கூடு உண்டு. போன வருடக் கூட்டுக்குத் திரும்பினால் போன வருடத் துணையைச் சந்திக்கலாம். எம்பரருக்குக் கூடே கிடையாது. முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு பனிக்கட்டி மேல் நிற்கிற ஜாதி. ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவில் பழைய துணை வரட்டும் என்று காத்திருந்தால் குறுகிய பருவம் கைவிட்டுப் போய்விடும். அதனால் வந்த துணையோடு சேர்ந்துகொள்கிறது. அந்த ஒரு பருவத்துக்குள் இருவரும் விட்டுப்போகாமல் இருப்பதும் அதே கணக்குதான்: ஆண் இரண்டு மாதத்துக்கும் மேல் முட்டையை அடைகாக்க, பெண் கடலுக்குப் போய்த் தின்று திரும்ப வேண்டும்; ஒருவர் விட்டால் குஞ்சு சாகும். ஜோடி சேர்வது ஒரு பருவத்துக்கு மட்டும்தான் என்று படத்திலேயே ஒரு வரி வருகிறது. இயக்குநரும் பிற்பாடு, ஒருதார வாழ்க்கைக்கு உதாரணம் தேட பென்குவின் சரியான இடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் காதல் கதை ஓடும்போது நடுவில் வரும் ஒரு வரித் தகவலை யார் கேட்கப்போகிறார்கள்? பெர்னாண்டினாவில் 'பாம்புக்கு இதுதான் நல்ல வாய்ப்பு' என்ற வரிக்கு நடந்ததும் இதேதான்.

அந்தப் படத்தில் இன்னொரு இடம் எனக்கு இன்னும் சங்கடமானது. குஞ்சைப் பறிகொடுத்த தாய் ஒன்று வேறொரு தாயின் குஞ்சைப் பறிக்கப் பார்க்கும். தாங்க முடியாத துக்கம் என்ற தொனியில் அதைச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் பார்த்தது: குஞ்சு வளர்ப்போடு தொடர்புள்ள புரோலாக்டின் என்ற ஹார்மோன், குஞ்சை இழந்த பிறகும் இந்தப் பறவைகளின் உடம்பில் குறையாமல் இருக்கிறது. அந்த ஹார்மோனை மருந்து கொடுத்துக் குறைத்தபோது குஞ்சு திருடுவதும் குறைந்தது. இது ஏன் இப்படி அமைந்தது என்றால், வாரக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வரும் பறவைக்கு, குஞ்சு கண்ணில் படாவிட்டாலும் வளர்க்கும் உந்துதல் அணையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பியே வராது. அப்படித் திருடப்பட்ட குஞ்சு பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கைவிடப்படும்.

இதைச் சொன்னதும் சிலர் "பார்த்தீர்களா, வெறும் ஹார்மோன், துக்கமாவது ஒன்றாவது" என்று கிளம்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பிலும் இதே புரோலாக்டின்தான் ஓடுகிறது. அதனால் அவள் பாசம் பொய் ஆகிவிடுமா? ஹார்மோன் காரணத்தைச் சொல்கிறது, உள்ளே என்ன உணர்கிறது என்பதைச் சொல்லவில்லை. நான் பிரிக்கிற கோடு வேறு இடத்தில் இருக்கிறது. பிராணி தவிக்கிறது, பயப்படுகிறது, விளையாடுகிறது என்று சொல்வதைப் பார்த்ததை வைத்துச் சொல்லலாம், குறிப்பாகப் பாலூட்டிகளில். ஆனால் அது தியாகம் செய்கிறது, பழி வாங்குகிறது, துணைக்கு உண்மையாக இருக்கிறது என்று சொல்லும்போது, கண்ணால் பார்த்ததைத் தாண்டி அதற்கு ஒரு நீதி நெறியைக் கொடுத்துவிடுகிறோம். அங்கேதான் நான் பேனாவை நிறுத்துவேன். நிறுத்தியபோதெல்லாம் ஸ்கிரிப்ட் எனக்குத் திரும்பி வந்தது என்பதும் உண்மை.

சரி, ஒரு பாம்பைக் கெட்டவன் என்று நினைத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. கதைக்கு முகமுள்ள வில்லன் வேண்டும். கடல் இகுவானாக்களை உண்மையில் கூட்டம் கூட்டமாகக் கொன்றவற்றுக்கு முகமே இல்லை. அவை தின்பது கடற்பாசி. எல் நினோ வருடங்களில் கடல் சூடாகி அந்தப் பாசி அழியும். 1982–83 எல் நினோவில் சாந்தா ஃபே தீவில் பாதிக்கும் மேற்பட்ட இகுவானாக்கள் செத்தன. பட்டினிக் காலத்தில் இவை உடம்பு மெலிவதோடு நிற்காமல் நீளத்திலேயே 20 சதவீதம் வரை சுருங்குகின்றன. எலும்பும் சேர்ந்து குறுகுகிறது. 2001-ல் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கசிந்தபோது பிரமாதமான சேதம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அதே சாந்தா ஃபேயில் 62 சதவீதம் போய்விட்டன. மற்றச் சில தீவுகளில் மனிதன் கொண்டுவந்து விட்ட பூனைகள் குஞ்சுகளைத் தின்கின்றன. பெர்னாண்டினாவுக்கு அப்படி எந்தப் பிராணியும் இன்னும் வந்து சேரவில்லை, அதனால்தான் அங்கே பாம்பும் இகுவானாவும் இத்தனை அடர்த்தியாக இருக்கின்றன. நாம் கைதட்டிப் பார்த்த அந்தத் துரத்தல், நன்றாக இருக்கிற ஒரு தீவின் அடையாளம்.

பாம்பின் கதியையும் கேளுங்கள். ஃப்ளோரியானா தீவில் இருந்த ரேசர் பாம்பு, பூனையும் எலியும் வந்த பிறகு அந்தத் தீவிலிருந்தே காணாமல் போய்விட்டது. பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டித் தீவுகளில் மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்தப் பாம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது உண்டியல் ஏந்தினால், இகுவானாவுக்குக் கைதட்டிய கூட்டத்தில் எத்தனை பேர் காசு போடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

நம்மை எங்கே இழுக்கிறார்கள் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. முதலில் சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டு ஒரு தடவை பார்ப்பது. பயம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், அதில் எத்தனை பங்கு இசையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அடுத்து, வேட்டையாடும் பிராணியும் இரையும் ஒரே ஃபிரேமில் எத்தனை தடவை வருகின்றன என்று பாருங்கள். ஒரு தடவைகூட வராமல் இதன் முகம், அதன் முகம் என்று மாறி மாறி வெட்டியிருந்தால், இரண்டையும் வெவ்வேறு நேரத்தில், ஏன், வெவ்வேறு நாளில்கூட எடுத்திருக்கலாம். நிழல் விழும் திசை ஷாட்டுக்கு ஷாட் மாறினால் சந்தேகம் உறுதியாகும். இகுவானா காட்சியில் பாம்பும் குஞ்சும் ஒரே ஃபிரேமில் பல தடவை வருகின்றன. அந்த வகையில் அது நேர்மையானதுதான். பிராணிக்குப் பெயர் வைத்திருந்தால், இந்த ஷாட்டில் இருப்பதும் அதே பிராணிதானா என்று காதுக் கிழிசல், வரி, தழும்பு ஏதாவது ஒன்றை வைத்துப் பாருங்கள். கடைசியாக, கண்ணுக்கு நெருக்கமான ஷாட் யாருக்குக் கிடைத்தது என்று எண்ணுங்கள்.

மகளோடு செய்ய எளிமையான ஒன்று: சத்தத்தை அணைத்துவிட்டு அதே காட்சியை அவளையே வர்ணிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை குஞ்சுக்காக, அடுத்த தடவை பாம்புக்காக. என் அக்கா மகன் ஏழு வயதில் இதைச் செய்தான். இரண்டு தடவையும் நன்றாகவே சொன்னான். மூன்றாவது தடவை யாரும் கேட்காமலே தொடங்கினான், பாறையில் படுத்திருந்த ஒரு கிழட்டு இகுவானாவுக்காக: "நான் பாட்டுக்கு வெயில் காஞ்சிட்டிருக்கேன். அங்க ஏதோ சத்தம்."